முதுகு வரை துளைக்கும் வயிற்று வலி: எல்லாமே ‘கேஸ்ட்ரிக்’ அல்ல!

வானொலியில் உடல்நலம் பற்றிய அங்கம் போகும் நாட்களில் எனக்கு அதிகம் கேட்கும் சொல் ‘கேஸ்ட்ரிக்’. “எனக்கு நாலு வருஷமா கேஸ்ட்ரிக்”, “வீட்டுக்காரருக்கு ராத்திரியில கேஸ்ட்ரிக் வந்துடுது” என்றுதான் நேயர்கள் பேச்சையே தொடங்குவார்கள். நம் வீடுகளில் நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே எது வலித்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடுகிறது. மருந்துக்கடையில் வாங்கிய வெள்ளைத் திரவத்தைக் குடித்து, ஒரு ஏப்பம் விட்டு, மறுநாள் காலையில் ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விடுகிறோம்.

ஆனால் அதே இடத்தில் தொடங்கும் ஒரு வலி மட்டும் அந்தப் பெயருக்குள் அடங்காது. விருந்துச் சாப்பாடு முடிந்த சில மணி நேரத்தில் மேல் வயிற்றில் தொடங்கும். அரை மணி நேரத்திற்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். அங்கேயே நின்றுவிடும். விட்டு விட்டு வராது. கத்தியால் குத்தியது போல முன்னால் தொடங்கி, நேராக முதுகுக்குப் போகும். மல்லாந்து படுத்தால் கூடும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். வாந்தி வரும், ஆனால் வாந்தி எடுத்த பிறகும் வலி குறையாது.

இப்படி ஒரு வலி வந்தால், மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுபவற்றில் ஒன்று கணைய அழற்சி. அந்த வலியை எப்படி அடையாளம் காண்பது, ஏன் பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறது, மருத்துவமனையில் என்ன நடக்கும் என்பதை என் பெரியம்மாவுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். “நாலு பேருக்கு உதவும்னா எழுது, ஆனா பேரைப் போடாதே” என்றார்.

இரைப்பைக்குப் பின்னால் ஓர் உறுப்பு

கணையம் என்றதும் பலருக்கு இனிப்பு நீர்தான் நினைவுக்கு வரும். இன்சுலின் அங்கேதான் சுரக்கிறது என்பதால் அது நியாயம்தான். ஆனால் கணையத்தின் பெரும்பகுதி செய்யும் வேலை வேறு. நாம் சாப்பிடும் இறைச்சி, மாவு, கொழுப்பு எல்லாவற்றையும் உடைக்கும் செரிமான நீரைத் தயாரிப்பதுதான் அந்த வேலை. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் மேல் அந்த நீர் சுரக்கிறது.

சுமார் 15 சென்டிமீட்டர் நீளம் கொண்ட அந்த உறுப்பு வயிற்றின் முன்பக்கத்தில் இல்லை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்காகப் படுத்திருக்கிறது. வலி முதுகுக்குப் போவதற்குக் காரணம் இந்த இடம்தான். மல்லாந்து படுத்தால் வீங்கிய கணையம் முதுகெலும்பின் மீது அழுந்துகிறது. முன்னால் குனிந்தால் அந்த அழுத்தம் சற்று விலகுகிறது. கணைய அழற்சி வந்தவர்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து உட்காருவது அதனால்தான்.

அந்தச் செரிமான நீர் இறைச்சியைக் கரைக்கும் என்றால் கணையத்தையே ஏன் கரைப்பதில்லை? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் நோயின் சூட்சுமம் இருக்கிறது. கணையத்துக்குள் இருக்கும்போது அந்த நொதிகள் உறக்கத்தில் இருக்கின்றன. குழாய் வழியாக முன்சிறுகுடலுக்குள் போய் விழுந்த பிறகுதான், அங்கிருக்கும் இன்னொரு நொதி அவற்றை எழுப்பிவிடுகிறது. வழியில் அடைப்போ வேறு பாதிப்போ ஏற்பட்டு, அந்த நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால், கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்குகிறது. அதுதான் கணைய அழற்சி. கிருமி வந்து புண்ணாக்குவதில்லை. நம் உடம்பின் சொந்த நீரே சுட்டுவிடுகிறது.

கிள்ளானில் ஒரு சனிக்கிழமை இரவு

பெரியம்மாவுக்கு 54 வயது. கொஞ்சம் பருமன். மது தொட்டதில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று நான்கு முறை வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு வந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அதற்கும் வீட்டில் ‘கேஸ்ட்ரிக்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று கிள்ளானில் உறவுக்காரர் வீட்டுத் திருமண விருந்து. ஆட்டிறைச்சிப் பிரட்டல், நெய்ச்சோறு, பொரித்த கோழி, கடைசியில் பால் பாயசம். எட்டரை மணிக்குச் சாப்பிட்டார். பத்தரை மணிக்கு வீட்டில் சேலையை மாற்றிக்கொண்டிருந்தபோது வலி தொடங்கியது. பதினொரு மணிக்கெல்லாம் பேச முடியவில்லை.

வீட்டில் எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். வயிற்று எரிச்சலுக்கான வெள்ளைத் திரவம் இரண்டு கரண்டி. சுடு தண்ணீர். வயிற்றில் தைலம். பெரியப்பா “காத்துதான், முதுகைத் தேய்ச்சு விடுறேன்” என்று தேய்த்தார். ஒரு மணிக்கு முதல் வாந்தி. வழக்கமாக வாந்தி எடுத்தால் வயிறு லேசாகும். இந்த முறை ஆகவில்லை. மூன்று முறை எடுத்த பிறகு வெறும் பச்சை நீர்தான் வந்தது, வலி அப்படியே இருந்தது.

இரண்டு மணிக்கு அவருடைய மகன், என் அண்ணன், அறைக்குள் எட்டிப் பார்த்தார். பெரியம்மா கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து தலையணையைக் கட்டிப் பிடித்திருந்தார். நெற்றியில் குளிர்ந்த வேர்வை. “படும்மா” என்றதற்கு, “படுத்தா முதுகு வழியா ஆணி இறங்குற மாதிரி இருக்குடா” என்றார். அண்ணன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார். அந்த ஒரு முடிவு சரியாக இருந்தது.

சாப்பாடு குற்றவாளியா, கல்லா?

“ஆட்டிறைச்சி சாப்பிட்டதால் கணையம் வீங்கிவிட்டது” என்று பிறகு உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். அதில் பாதிதான் உண்மை. அதே பந்தியில் முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். பெரியம்மாவிடம் மட்டும் என்ன இருந்தது? பித்தப்பையில் கல்.

கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைக்கும் சிறிய பை, பித்தப்பை. கொழுப்பு நிறைந்த உணவு சிறுகுடலை எட்டியதும், குடலில் இருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் கலந்து பித்தப்பைக்குச் செய்தி அனுப்புகிறது: “கொழுப்பு வந்துவிட்டது, பித்தநீரை அனுப்பு.” உடனே பித்தப்பை சுருங்கிப் பிழிகிறது. உள்ளே கற்கள் இருந்தால், அந்தப் பிழிதலில் ஒன்று குழாய்க்குள் தள்ளப்படலாம். சாப்பாடு கல்லை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கல்லை நகர்த்திவிட்டது. கொழுப்பு மிகுந்த விருந்துக்கும் இந்த வலிக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

கல் நகர்ந்தால் கணையத்துக்கு என்ன வந்தது? பித்தக் குழாயும் கணையக் குழாயும் பெரும்பாலோருக்குக் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து, முன்சிறுகுடலில் ஒரே வாசல் வழியாகத் திறக்கின்றன. இரண்டு வீட்டுக்கும் ஒரே படலை (கேட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படலையில் கல் சிக்கினால் பித்தநீரும் போக முடியாது, கணைய நீரும் போக முடியாது. கணையத்துக்குள் அழுத்தம் ஏற, உறங்கிக்கொண்டிருந்த நொதிகள் விழித்துக்கொள்கின்றன. 1901-இல் யூஜின் ஓபி என்ற அமெரிக்க மருத்துவர், கணைய அழற்சியால் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது அந்த வாசலில் ஒரு சிறு கல் சிக்கியிருந்ததைக் கண்டு எழுதினார். கல்லுக்கும் கணையத்துக்கும் உள்ள உறவு அப்போதுதான் தெளிவானது.

கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும் ஒரு செய்தி: இந்த விஷயத்தில் பெரிய கல்லை விடச் சின்னக் கல் ஆபத்தானது. இரண்டு சென்டிமீட்டர் கல் பித்தப்பையின் மெல்லிய குழாய்க்குள் நுழையவே முடியாது. 3, 4 மில்லிமீட்டர் கற்கள்தான் நழுவி அந்த வாசல் வரை போகின்றன. ஆகவே ஸ்கேன் எடுத்தவர் “சின்னச் சின்னக் கல்தான்” என்று சொன்னால், அதை நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எப்படி வேறுபடுத்திப் பார்ப்பது?

வலியை வைத்து மட்டும் வீட்டிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் எந்த வலி வீட்டில் இருக்கலாம், எந்த வலி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று பிரிக்க முடியும்.

கேஸ்ட்ரிக் என்று நாம் சொல்லும் இரைப்பை எரிச்சலில் வலி எரிச்சலாக இருக்கும். நெஞ்சுக்கு ஏறும், புளித்த ஏப்பம் வரும். அமிலத்தைக் குறைக்கும் மருந்துக்கு ஓரளவு அடங்கும். அந்த வலியோடு நடமாட முடியும், பேச முடியும்.

பித்தப்பைப் பிடிப்பு வேறு. மேல் வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழேயோ பலமாகப் பிடித்து, சில சமயம் வலது தோளுக்குப் போகும். பொதுவாகச் சில மணி நேரத்தில் கல் பின்வாங்கியதும் தானாக விடும். பெரியம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளாக வந்தது இதுதான். அந்த எச்சரிக்கை மணியைத்தான் வீட்டில் கேஸ்ட்ரிக் என்று எண்ணியிருந்தார்கள்.

கணைய வலிக்கு நேரம்தான் பெரிய அடையாளம். அது மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், இறங்காமல் நிற்கும். மருந்துக்கடை மருந்து எதுவும் அதைத் தொடாது. முதுகுக்குப் பரவுவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் நடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். “முதுகு வலிக்கவில்லையே, அப்படியானால் கணையம் இல்லை” என்று முடிவு கட்ட முடியாது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மாரடைப்பும் மேல் வயிற்று வலியாக, வாந்தியாக, வேர்வையாக வரக்கூடும். குறிப்பாக இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும். இரைப்பைப் புண் ஓட்டையானாலும் இப்படித் திடீரென்று கடும் வலி வரும். இவற்றில் எது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. இவற்றில் எதுவானாலும் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: அவசரப் பிரிவு.

மூன்றில் இரண்டு

அவசரப் பிரிவில் பெரியம்மாவுக்கு முதலில் ஈசிஜி எடுத்தார்கள். “வயிறு வலிக்குது, நெஞ்சுக்கு எதுக்கு ஒயர் மாட்டுறாங்க?” என்று பெரியப்பா கேட்டாராம். மேலே சொன்ன காரணத்துக்காகத்தான். இதயம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு ரத்தம் எடுத்தார்கள்.

கணைய அழற்சியை உறுதி செய்ய மருத்துவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று, மேலே விவரித்த அந்த வலி. இரண்டு, ரத்தத்தில் லிப்பேஸ் அல்லது அமிலேஸ் என்ற கணைய நொதி, வழக்கமான மேல் எல்லையைப் போல் மூன்று மடங்காவது உயர்ந்திருப்பது. மூன்று, ஸ்கேனில் கணையம் வீங்கியிருப்பது. மூன்றில் இரண்டு இருந்தால் போதும். பெரியம்மாவின் அறிக்கையில் லிப்பேஸ் 1,860 என்று இருந்தது. அந்த ஆய்வகத்தின் மேல் எல்லை 60. வலியும் இருந்தது, எண்ணும் இருந்தது. அன்றைக்கு சிடி ஸ்கேன் தேவைப்படவில்லை.

இந்த எண்ணைப் பார்த்து எங்கள் குடும்பமே கலங்கிவிட்டது. முப்பது மடங்கு என்றால் முப்பது மடங்கு ஆபத்தா? இல்லை. லிப்பேஸ் நோய் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு கடுமை என்று சொல்லாது. எண் மிக அதிகமாக இருந்தும் ஒரு வாரத்தில் வீடு திரும்புபவர்கள் உண்டு. எண் குறைவாக இருந்தும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறவர்கள் உண்டு. அதனால் தினமும் “லிப்பேஸ் எவ்வளவு இறங்கியது?” என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. “மூச்சு எப்படி, சிறுநீர் எவ்வளவு போகிறது, ரத்த அழுத்தம் நிற்கிறதா?” என்று கேளுங்கள். மருத்துவர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நேரமும் முக்கியம். அமிலேஸ் சில நாட்களிலேயே இறங்கிவிடும். லிப்பேஸ் ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்தே இருக்கும். வலியோடு மூன்று நான்கு நாள் வீட்டில் இருந்துவிட்டு வருபவருக்கு அமிலேஸ் மட்டும் பார்த்தால், எல்லாம் சரி என்பது போல் தோன்றிவிடலாம்.

காரணத்தைத் தேட அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். பித்தப்பை நிறைய 3, 4 மில்லிமீட்டர் கற்கள். பித்தக் குழாய் வீங்கவில்லை. கல்லீரல் நொதி மட்டும் பல மடங்கு உயர்ந்து, மறுநாளே இறங்கத் தொடங்கியது. கல் வாசலில் சிக்கி, சேதத்தைச் செய்துவிட்டுத் தானாகவே குடலுக்குள் விழுந்துவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். பெரும்பாலும் அப்படித்தான் நடக்குமாம். கல் விழாமல் அங்கேயே நின்று, கண் மஞ்சளாகி, குளிர் காய்ச்சல் வந்தால் மட்டும், வாய் வழியாகக் குழாய்க் கருவியை இறக்கி அதை அவசரமாக எடுப்பார்கள்.

மருந்து என்ன?

“கணையத்துக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்?” என்று வானொலி நிலையத்தில் சக ஊழியர்கள் கேட்டார்கள். கணைய அழற்சியை நேரடியாக நிறுத்தும் மருந்து எதுவும் இல்லை என்பதுதான் பதில். உடம்பு தானே ஆற்றிக்கொள்ளும்வரை அதைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதில் மூன்று பங்கு உண்டு.

முதல் பங்கு, நரம்பு வழியாகத் தண்ணீர். கணையம் வெந்துபோனால் உடம்பெங்கும் ரத்த நாளங்கள் கசியத் தொடங்குகின்றன. ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் திசுக்களுக்குள் போய்விடுகிறது. ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகம் வறண்டுவிடும். அதனால்தான் முதல் நாளிலேயே ‘டிரிப்’ ஏற்றுகிறார்கள். ஒரு காலத்தில் அள்ளி அள்ளி ஏற்றினார்கள். அளவுக்கு மீறினால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறுகிறது என்று 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இப்போது அளந்து ஏற்றி, சிறுநீர் போவதைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறார்கள். பெரியம்மாவின் கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைத் தாதி மணிக்கு ஒரு முறை வந்து குறித்துக்கொண்டு போனது அதற்காகத்தான்.

இரண்டாவது பங்கு, வலிக்கு ஊசி. “வலியை அடக்கினால் நோய் மறைந்துபோகும், தெரியாமல் போய்விடும்” என்று சிலர் தயங்குவார்கள். தேவையில்லை. வலி அடங்கினால்தான் நோயாளி ஆழமாக மூச்சு விடுவார்.

மூன்றாவது பங்குதான் நம் வீட்டாருக்குப் பெரிய சண்டை: சாப்பாடு. முன்பு கணையத்துக்கு ஓய்வு வேண்டும் என்று நாள்கணக்கில் பட்டினி போட்டார்கள். இப்போது அப்படி இல்லை. வாந்தி நின்று, பசி எடுத்தால், ஒன்று இரண்டு நாளிலேயே கொழுப்புக் குறைந்த உணவைத் தொடங்கிவிடுகிறார்கள். குடல் சும்மா கிடந்தால் அதன் சுவர் பலவீனமாகி, கிருமிகள் கசிந்து வெந்துபோன கணையத்துக்குப் போகலாம் என்பதே காரணம். பெரியம்மாவுக்கு இரண்டாம் நாள் மாலையில் கஞ்சி கொடுத்தார்கள். அக்காள் வீட்டிலிருந்து கோழி சூப் கொண்டு வந்தார். தாதி அதை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். மேலே மிதந்த எண்ணெய்தான் காரணம்.

பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இந்த அளவிலேயே ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. மீதிப் பேருக்குத்தான் சிக்கல். கணையத்தின் ஒரு பகுதி செத்துப்போகலாம். நுரையீரல், சிறுநீரகம் செயலிழக்கலாம். அப்படிச் சில நாட்கள் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. யார் எந்தப் பக்கம் போவார் என்று முதல் சில மணி நேரத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் 48 மணி நேரம் வார்டில் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். “வலி குறைஞ்சிடுச்சு, கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம்” என்று கிளம்புவது இந்த நோயில் நல்ல யோசனை அல்ல.

கல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது

நான்காம் நாள் பெரியம்மா சிரித்துப் பேசினார். வலி இல்லை. “அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?” என்பதுதான் அன்றைக்கு வார்டில் நடந்த விவாதம். ஒரு கல் விழுந்தது. பையில் இன்னும் எத்தனையோ கற்கள் இருக்கின்றன. அடுத்த கல் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது.

நெதர்லாந்தில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த விவாதத்துக்குத் தெளிவான பதில் தருகிறது. கல்லால் லேசான கணைய அழற்சி வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை அகற்றினார்கள். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பி, சில வாரம் கழித்து வரச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குக் கல்லால் மறுபடி சிக்கல் வந்தது அல்லது உயிருக்கு ஆபத்து நேர்ந்தது. உடனே செய்துகொண்டவர்களில் 5 பேருக்கு மட்டும்தான்.

பெரியம்மாவுக்கு ஆறாம் நாள் சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்தார்கள். எட்டாம் நாள் வீடு திரும்பினார். நோய் கடுமையாக இருந்து, கணையத்தைச் சுற்றி நீர் தேங்கியவர்களுக்கு மட்டும் அது வற்றும்வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள். ஆக, உங்கள் வீட்டில் யாருக்காவது இது வந்தால், வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவரிடம் ஒரே கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: “பித்தப்பையை எப்போது எடுக்கப் போகிறீர்கள்?” தேதி இல்லாமல் வெளியே வராதீர்கள். அதுவரை எண்ணெய்ச் சாப்பாட்டைத் தவிர்ப்பது நல்லது; ஆனால் பத்தியம் கல்லைக் கரைக்காது.

கல் இல்லாதவர்களுக்கும் வரும்

கணைய அழற்சிக்குப் பித்தக்கல்தான் முதல் காரணம். இரண்டாவது, மது. விடுமுறை நாளில் அளவில்லாமல் குடித்து, கூடவே எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டு, மறுநாள் இந்த வலியோடு வரும் முப்பது வயது ஆண்களை அவசரப் பிரிவுகள் நன்கு அறியும். பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவர்களின் கணையம் ஏற்கெனவே பழுதடைந்திருக்கும்; ஒரு முறை வந்த பிறகும் குடித்தால் திரும்பத் திரும்ப வரும்.

மூன்றாவது காரணம் இளம் வயதினர் பலருக்குத் தெரியாதது: ரத்தத்தில் டிரைகிளிசரைட் என்ற கொழுப்பு. ஆண்டுதோறும் வேலையிடத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறோம். கொலஸ்ட்ரால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறோம். அதே தாளில் டிரைகிளிசரைட் என்றொரு வரி இருக்கும். 1.7 மில்லிமோலுக்குள் இருப்பது நல்லது. அது 11-ஐத் தாண்டினால் கணையத்துக்கே ஆபத்து. அந்த அளவில் எடுத்த ரத்தத்தை நிற்க வைத்தால் மேலே பால் போல் வெள்ளையாக நிற்கும். கட்டுப்பாட்டில் இல்லாத இனிப்பு நீர், மது, பருமன், சில குடும்பங்களில் பரம்பரை ஆகியவை இதற்குக் காரணம். இவர்களுக்குப் பித்தப்பையை எடுப்பதால் பயனில்லை. இனிப்பு நீரையும் கொழுப்பையும் இறக்கினால்தான் அடுத்த தாக்குதலைத் தடுக்க முடியும். ஆகவே “கணைய அழற்சி” என்று பெயர் மட்டும் தெரிந்துகொண்டு வராதீர்கள். எதனால் வந்தது என்று கேட்டு வாருங்கள்.

அந்த இரவில் செய்ய வேண்டியவை

மேல் வயிற்றில் கடும் வலி அரை மணி நேரத்தைத் தாண்டியும் இறங்கவில்லை, வாந்தி எடுத்தும் குறையவில்லை, முதுகுக்குப் போகிறது அல்லது குனிந்து உட்கார்ந்தால்தான் தாங்க முடிகிறது என்றால், கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கினால், குளிர்ந்து வேர்த்தால், மயக்கம் வந்தால், கண் மஞ்சளானால், 999-ஐ அழையுங்கள். வலியோடு இருப்பவர் தானே காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

போகும் முன் எதையும் சாப்பிடவோ, மருந்துகளை மாற்றி மாற்றி விழுங்கவோ வேண்டாம். எடுத்துக்கொண்டு போக வேண்டியது, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளும் பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களும்தான்.

முகப்பில் இருக்கும் தாதியிடம் “கேஸ்ட்ரிக்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் உங்களை வரிசையின் பின்னால் நிறுத்திவிடலாம். நடந்ததைச் சொல்லுங்கள். என் அண்ணன் அன்று இரவு சொன்னது இவ்வளவுதான்: “எட்டரைக்குச் சாப்பிட்டாங்க, பத்தரைக்கு வலி ஆரம்பிச்சது, இன்னும் விடலை. முதுகுக்குப் போகுது. மூணு தடவை வாந்தி, குறையலை. இதுக்கு முன்னாடி சின்னதா ரெண்டு மூணு தடவை வந்திருக்கு.” பெயர் எதுவும் வைக்காத அந்த நான்கு வரியைக் கேட்டதும், தாதி பெரியம்மாவைப் பச்சைப் பகுதி நாற்காலியில் உட்கார வைக்காமல் நேராக மஞ்சள் பகுதிக்குள் தள்ளிக்கொண்டு போனார்.